உசாத்துணைப் பட்டியலை மாற்றும்போது: டெக்ஸ்ட் கோப்பில் எதை எழுதி வைப்பது

கேள்வி: "யாழ்ப்பாணத்தில் முதுதத்துவமாணி ஆய்வு செய்கிறேன். உசாத்துணைப் பட்டியல் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கட்டுரையின் இணை ஆசிரியர் கனடாவில் இருக்கிறார். என்ன மாற்றினேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். பரீட்சகரும் கேட்கக்கூடும் என்கிறார் மேற்பார்வையாளர். ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் குறித்து வைத்தால் போதுமா? அதில் என்னென்ன எழுத வேண்டும்?"

கோப்பு டெக்ஸ்டாக இருப்பது தாராளமாகப் போதும். சிக்கல் வருவது அதற்குள் எழுதுவதில்தான். ஆய்வேடுகளின் உசாத்துணைப் பகுதியைச் சரிபார்ப்பது பல வருடங்களாக என் வேலை. கைக்கு வரும் மாற்றக் குறிப்புகளில் அனேகமானவை "வருடம் திருத்தப்பட்டது", "ஆசிரியர் பெயர் சரிசெய்யப்பட்டது" என்ற அளவில் நின்றுவிடும். எழுதியவருக்கு அது போதும், அவருக்கு மிச்சம் ஞாபகம் இருக்கிறது. முன்னைய வரைவை அச்செடுத்து வைத்திருக்கும் பரீட்சகருக்கு அந்த வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த வருடம் எந்த வருடமாக மாறியது, எதைப் பார்த்து மாற்றினீர்கள், அதனால் உரைக்குள் எங்கெங்கே கை வைக்க வேண்டி வந்தது என்ற மூன்றும்தான் அவருக்கு வேண்டும். பழைய மதிப்பை எழுதாமல் புதியதை மட்டும் எழுதுவது எல்லோரும் விடுகிற பிழை.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூட்டார்க்' தமிழ்ப் புலவர் வரலாறு எழுதும் எவருக்கும் தேவைப்படும் நூல். முதற் பதிப்பு 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது. இரண்டாம் பதிப்பு 1946இல் கொழும்பில், தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் வந்தது. இப்போது ஒரு மாணவி 1946 பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கோள் எடுக்கிறார் என்று வையுங்கள். நூலின் புகழ் பெற்ற வருடம் 1859 என்பதால் பட்டியலில் அதைப் போட்டுவிடுகிறார். பக்க எண்களோ 1946 பதிப்பினுடையவை. 1859 பதிப்பைத் திறந்து பார்க்கும் பரீட்சகர் அந்தப் பக்கத்தில் வேறொரு புலவரைக் காண்பார். இந்த வகைப் பிழை பட்டியலைப் பார்த்தால் தெரியாது. பக்கத்தைப் புரட்டினால்தான் பிடிபடும். அதே பதிவில் பெயரும் சிக்கல். சொட்டேரோ போன்ற மென்பொருளுக்குள் நூலகத் தரவை இறக்கும்போது அவர் சில வேளை "Chitty, Simon Casie" என்றும் சில வேளை "Casie Chitty, Simon" என்றும் வருவார்.

இந்த இரண்டையும் சரி செய்யும்போது பதிவேட்டில் நான் எழுதச் சொல்வது இப்படி:

```
2024-03-11 | கம | திருத்தம் | casiechitty1859 | year
  பழையது : 1859
  புதியது : 1946 (origdate = 1859)
  ஏன்     : மேற்கோள் பக்கங்கள் 2ஆம் பதிப்பினுடையவை
  பார்த்தது: அச்சுப் பிரதி, தலைப்புப் பக்கம்
  உரையில் : அதி. 2, அதி. 4 - மாற்றியாயிற்று

2024-03-11 | கம | தீர்மானம் | casiechitty1859 | author
  பழையது : Chitty, Simon Casie
  புதியது : Casie Chitty, Simon
  ஏன்     : "காசிச்செட்டி" முழுவதையும் குடும்பப் பெயராகக் கொண்டேன்
  பார்த்தது: நூலகப் பட்டியல்களில் இரு வடிவமும் உண்டு
  உரையில் : எல்லா இடமும்; அகரவரிசையில் இடம் மாறும்
```

முதல் வரியில் திகதி, மாற்றியவரின் முதலெழுத்துகள், மாற்றத்தின் வகை, மென்பொருளில் பதிவை அடையாளம் காட்டும் சாவி, எந்தப் புலம் என்பன நிற்கின்றன. புலம் என்று நான் சொல்வது ஆசிரியர், வருடம், தலைப்பு போன்ற தனித்தனிக் கட்டங்களை. ஒரு பதிவில் இரண்டு புலம் மாறினால் இரண்டு குறிப்பு எழுதுங்கள். சேர்த்து எழுதினால் "ஏன்" என்ற வரி குழம்பிப் போகும்; இங்கேயே பாருங்கள், வருடம் மாறியதற்கும் பெயர் மாறியதற்கும் காரணம் ஒன்றல்ல.

வகை என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். வருடத்தை மாற்றியது திருத்தம். பக்கங்கள் எந்தப் பதிப்பினுடையவையோ அந்தப் பதிப்பின் வருடம்தான் வர வேண்டும், அதில் வாதத்துக்கு இடமில்லை. ஏபிஏ ஏழாம் பதிப்பு முறையில் எழுதினால் உரைக்குள் (Casie Chitty, 1859/1946) என்று இரண்டு வருடமும் வரும். பிப்லேடெக்ஸ் பாவிப்பவருக்கு மூல வருடத்தை வைக்க origdate என்ற புலம் உண்டு. பெயரை மாற்றியது அப்படியல்ல. இரண்டு வடிவமும் புழக்கத்தில் உள்ளவை. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தீர்கள், அவ்வளவுதான். ஆகவே அதற்குத் தீர்மானம் என்று பெயர். பரீட்சகர் திருத்தத்தைப் பார்த்து "சரிதானா" என்று கேட்பார், தீர்மானத்தைப் பார்த்து "எல்லா இடத்திலும் இப்படித்தானா" என்று கேட்பார். இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்தால், தீர்மானம் ஒன்றைப் பிழை பிடித்துத் திருத்தியதாக இணை ஆசிரியர் நினைத்துக்கொண்டு தன் பழைய கட்டுரையையும் மாற்றப் போவார். தமிழ்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி வரும். "க. கைலாசபதி" என்பதைத் தமிழ்ப் பட்டியலில் "கைலாசபதி, க." என்று திருப்பிப் போடுவதா, இருந்தபடி விடுவதா என்பது தீர்மானம். அதை முதலில் ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அதே வகைப் பெயர்களுக்கெல்லாம் "11ஆம் திகதித் தீர்மானப்படி" என்று ஒரு சொல் போதும்.

மூன்றாவது வகை ஒன்றும் வேண்டும்: ஐயம். யாழ்ப்பாணத்துப் பழைய அச்சு நூல்களோடு வேலை செய்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாதது. தலைப்புப் பக்கத்தில் ஆங்கில வருடமே இல்லாமல் "விகிர்தி௵ மாசி௴" என்று மட்டும் இருக்கும் நூல் ஒன்று கிடைத்தால் என்ன வருடம் போடுவது? அறுபது வருடச் சுற்றில் விகிர்தி 1830, 1890, 1950, 2010 ஆகிய சித்திரைகளில் தொடங்குகிறது. நூலின் எழுத்துருவும் அச்சகத்தின் பெயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைக் காட்டினால் 1890 சித்திரையில் தொடங்கிய விகிர்தியை எடுக்கலாம். ஆனால் மாசி மாதம் அந்த வருடத்தின் கடைசிப் பக்கத்தில் வருவது, ஆங்கிலக் கணக்கில் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. அப்போது 1891 பிறந்துவிட்டது. பட்டியலில் 1890 என்று இருந்தால் 1891 என்று மாற்ற வேண்டும். இதில் மாசி விகிர்தியின் முடிவில் வரும் என்பது உறுதி; இது எந்தச் சுற்றின் விகிர்தி என்பது ஊகம். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்:

```
2024-03-19 | கம | ஐயம் | anon_vikirthi | year
  பழையது : 1890
  புதியது : [1891]
  ஏன்     : "விகிர்தி௵ மாசி௴"; மாசி ஆங்கில வருடம் பிறந்த பின்
  உறுதி   : வருடத்தின் பெயரும் மாதமும்
  ஊகம்    : 1890-91 சுற்று (அச்சகத்தை வைத்து)
  பார்த்தது: மின்வருடல், தலைப்புப் பக்கம்
```

பட்டியலிலும் வருடத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால், இது நூலில் அச்சானதல்ல, நீங்கள் கணித்தது என்று வாசிப்பவருக்கு விளங்கும். பிறகு அச்சகத்தைப் பற்றி வேறு சான்று கிடைத்தால் இந்தக் குறிப்பை அழித்துத் திருத்தாதீர்கள். கீழே புதிய திகதியில் இன்னொரு குறிப்பு எழுதுங்கள். பதிவேட்டில் பழைய வரி எதுவும் மாறக்கூடாது. பிழையான குறிப்புக்கூடப் பிழையாகவே இருக்கட்டும், அதைத் திருத்தும் குறிப்பு அதற்குக் கீழே வரட்டும்.

"பார்த்தது" என்ற வரியில் "இணையம்" என்று எழுதுவதால் பயனில்லை. எந்தப் பிரதி, அதன் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். நூலகம் வலைத்தளத்தில் பார்த்திருந்தால் அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் நூலக எண் என்று ஒன்று இருக்கும். அதையும் எழுதி, தலைப்புப் பக்கத்தின் படத்தைப் பார்த்தீர்களா அல்லது விபரப் பக்கத்தை மட்டும் பார்த்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். இரண்டும் ஒரே சான்றல்ல. ஒருவர் தட்டச்சுச் செய்த விபரத்தை நம்புவதும் அச்சுப் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதும் வேறு வேறு.

சாவியைப் பற்றி ஒன்று. வருடம் 1946 ஆன பிறகு casiechitty1859 என்ற சாவியையும் மாற்ற வேண்டும்போல் கை துருதுருக்கும். மாற்றாதீர்கள். பெரும்பாலான மேற்கோள் முறைகளில் சாவி அச்சில் வராது, வாசிப்பவர் அதைக் காண்பதே இல்லை. மாற்றினால் லேடெக்ஸ் கோப்பில் பழைய சாவியைக் கூப்பிடும் இடமெல்லாம் கேள்விக்குறியோ தடித்த சாவியோ வந்து நிற்கும். பதிவேட்டின் முன்னைய குறிப்புகளும் அநாதையாகும். சாவி ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் இருப்பது நல்லது. அப்போது கட்டளைத் திரையில் இப்படித் தேடினால், அந்த நூலுக்கு நடந்த மாற்றங்களின் முதல் வரிகள் எல்லாம் திகதி ஒழுங்கில் வந்து விழும்:

```
findstr casiechitty1859 matram.txt
```

இனித் தமிழ் எழுத்தின் கதை. டெக்ஸ்ட் கோப்புக்குள் எழுத்துரு என்று ஒன்று இல்லை. எங்கள் ஊரில் இன்னும் பாமினியில் தட்டச்சான பழைய ஆய்வேடுகளும் கட்டுரைகளும் ஏராளம். அவற்றிலிருந்து ஒரு தலைப்பை வெட்டிப் பதிவேட்டில் ஒட்டினால் "தமிழ்" என்ற சொல் jkpo; என்று வந்து நிற்கும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மாற்றி முடிந்தவுடன் "பழையது" வரியில் பாமினிக் குப்பையை எழுதத் தேவையில்லை. "பாமினியிலிருந்து யுனிகோட், சொல் மாறவில்லை" என்றால் போதும். நோட்பேடில் சேமிக்கும்போது குறிமுறை UTF-8 என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 10இன் 1903 வெளியீட்டிலிருந்து வரும் நோட்பேட் தானாகவே அப்படிச் சேமிக்கும். அதற்கு முந்தியது ANSI என்று சேமித்துவிடும். அப்படி நடந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி வரிசையாகும், அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும், பலர் வாசிக்காமலே சரி கொடுத்துவிடுவார்கள்.

இதைவிட நுணுக்கமான தொல்லை ஒன்றும் உண்டு. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒற்றைக் குறியாகவும் (U+0BCA) எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் (U+0BC6 U+0BBE) எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில மென்பொருள்கள் இவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சில எடுக்காது. அப்போது "கொழும்பு" என்று தேடினால் பாதிப் பதிவுகள் மட்டும் வரும். இதைச் சீராக்கும்போது கோப்புகளை ஒப்பிடும் மென்பொருள் மாற்றம் என்று காட்டும், கண்ணுக்கோ ஒரு வித்தியாசமும் தெரியாது. இணை ஆசிரியர் அரை நாள் உட்கார்ந்து தேடாமல் இருக்க, "குறிமுறை மட்டும், பார்வைக்கு மாற்றமில்லை, எல்லாப் பதிவுகளும்" என்று ஒரே குறிப்பாக எழுதிவிடுங்கள். மேற்கோள் முறையை ஏபிஏ ஆறிலிருந்து ஏழுக்கு மாற்றுவதும் அப்படித்தான்: ஒரு குறிப்பு போதும். காற்புள்ளி மாறியதற்கெல்லாம் தனித்தனிக் குறிப்பு எழுதினால் முக்கியமானவை அதற்குள் மூழ்கிவிடும்.

திகதியை 2024-03-11 என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. நோட்பேடில் ஒரு பழைய வசதி உண்டு: கோப்பின் முதல் வரியில் .LOG என்று பெரிய எழுத்தில் போட்டுச் சேமித்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நேரமும் திகதியும் கோப்பின் அடியில் தானாக விழும். வசதியானதுதான். ஆனால் அது உங்கள் கணினியின் திகதி அமைப்பில் விழும். 03/04 என்று விழுந்தால் நாங்கள் ஏப்ரல் 3 என்று வாசிப்போம். கனடாவில் இருப்பவர் மார்ச் 4 என்று வாசித்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே வருடம், மாதம், நாள் என்று கையாலேயே தட்டுங்கள்.

பரீட்சகர்கள் அதிகம் துருவுவது நீக்கியவற்றைத்தான். முன்மொழிவில் இருந்த ஒரு கட்டுரை இறுதி ஆய்வேட்டில் இல்லையென்றால் உடனே கண்ணில் படும். ஆகவே நீக்கம் என்ற வகையில் முழுப் பதிவையும் "பழையது" என்ற இடத்தில் அப்படியே ஒட்டி, ஏன் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்: அந்தப் பந்தி போய்விட்டதா, இரட்டைப் பதிவா, அல்லது முழுதாக வாசித்தபோது நீங்கள் சொன்னதை அது சொல்லவில்லையா. கடைசிக் காரணத்தை எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. நீக்கத்தால் வேறு பதிவுகளும் அசையும். ஒரே ஆசிரியரின் 2019a, 2019b என்ற இரண்டில் முதலாவதை எடுத்தால் மற்றது வெறும் 2019 ஆகும். சொட்டேரோவின் செருகியால் மேற்கோள் போட்டிருந்தால் அது தானாக மாறும். கையால் தட்டியிருந்தால் உரைக்குள் பழைய 2019b அப்படியே கிடக்கும். "உரையில்" என்ற வரி இதற்காகத்தான்.

வேர்டின் மாற்றத் தடம் இருக்கிறதே, சொட்டேரோவில் திருத்திய திகதி வருகிறதே என்று கேட்பார்கள். வேர்டில் மாற்றத்தை ஏற்றுக்கொண்டவுடன் தடம் போய்விடும். சொட்டேரோ பதிவு கடைசியாக எப்போது மாறியது என்று காட்டும்; எந்தப் புலத்தில் முன்பு என்ன இருந்தது என்று காட்டாது. கோப்புகளின் மாற்றங்களைச் சேமிக்கும் ஜிட் என்ற மென்பொருள் பழையதையும் புதியதையும் பிசகாமல் வைத்திருக்கும். ஆனால் ஏன் மாற்றினீர்கள், எந்தத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்பதை நீங்கள் எழுதினால்தான் அதற்கும் தெரியும். ஆகவே ஜிட்டைப் பதிவேட்டுக்குப் பதிலாக அல்ல, பதிவேட்டைச் சோதிக்கப் பாவிக்கச் சொல்வேன். பரீட்சகருக்குக் கொடுத்த நாளன்று பட்டியலை ஏற்றுமதி செய்து ஒரு பிரதியைத் தனியே வையுங்கள். திருத்தம் முடிந்தபின் இப்படி ஒப்பிடுங்கள்:

```
git diff --no-index --word-diff kodutthathu.bib ippothu.bib
```

மாறிய சொற்கள் மட்டும் அடைப்புக்குள் காட்டப்படும். திரையில் தெரியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிவேட்டில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இல்லாதது இருந்தால் நீங்கள் எழுத மறந்தது, அல்லது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும்போது பக்க எண்ணோ தொகுதி எண்ணோ சத்தமில்லாமல் மாறுவது இப்படித்தான் வெளிவரும். பதிவேட்டில் இருந்து ஒப்பீட்டில் இல்லாதது என்றால், மாற்றிவிட்டுப் பின்பு பழையபடி ஆக்கியிருக்கிறீர்கள். அதற்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்.

இந்தப் பதிவேட்டால் ஆகாததும் உண்டு. டெக்ஸ்ட் கோப்பை யாரும் எப்போதும் திறந்து பழைய திகதியில் ஒரு வரி செருகலாம். ஆகவே அது தனியே நின்று சாட்சி சொல்லாது. ஒவ்வொரு கட்டத்திலும் அப்போதைய பிரதியை மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும். இன்னொன்று, மாற்றங்களை ஒழுங்காகக் குறித்த பட்டியல் சரியான பட்டியல் என்று அர்த்தமில்லை. நீங்கள் தொடாத பதிவில் உள்ள பிழையைப் பற்றிப் பதிவேடு வாய் திறக்காது. வேண்டுமானால் "சரிபார்த்தேன், மாற்றமில்லை" என்ற வகையையும் வைத்துக்கொள்ளலாம். மேற்கோள் அதிகம் எடுத்த நூல்களுக்கு மட்டும் அப்படிச் செய்யச் சொல்வது என் வழக்கம், எல்லாவற்றுக்கும் செய்யப் புறப்பட்டால் யாரும் முடிப்பதில்லை.

பரீட்சகருக்கு முழுப் பதிவேட்டையும் கொடுக்க வேண்டாம். ஆய்வேடு சமர்ப்பித்த நாளில் பதிவேட்டுக்குள் ஒரு கோடு போடுங்கள்:

```
===== 2024-06-03 பரீட்சைக்குச் சமர்ப்பித்த பிரதி =====
```

வாய்மொழிப் பரீட்சைக்குப் பிந்திய திருத்தங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே வரும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, பீடம் கேட்கும் திருத்த அட்டவணையோடு சேர்த்துக் கொடுத்தால் அவருக்கு வாசிக்க இலகு. பரீட்சகர் சொல்லி மாற்றியதற்கு "ஏன்" வரியில் அவருடைய குறிப்பின் எண்ணைப் போடுங்கள். இணை ஆசிரியருக்கு மட்டும் முழுக் கோப்பும் போகட்டும். அவரும் அதே கோப்பில் எழுதுவதென்றால் முதலெழுத்துகளை முதலே பேசிக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டும் கோப்பு இருக்கட்டும். இருவரும் ஒரே நாளில் தனித்தனிப் பிரதியில் எழுதிவிட்டால், இரண்டையும் சேர்த்துத் திகதி ஒழுங்கில் அடுக்கினால் சரி. குறிப்புகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்பதால் அதற்கு அதிக நேரம் ஆகாது.